கணினித் திரையில் ஒரு கூம்பகம்

கணினியில் ஒரு பெரிய வரைபடத்தைத் திறந்தால் திரை சிறிது நேரம் வெண்மையாகவே நின்றுவிடுவதைப் பலர் கண்டிருப்பீர்கள். படம் ஒருவாறு தோன்றிய பின்னரும், அதைச் சற்று இடப்புறமாக நகர்த்தினால் மீண்டும் அதே காத்திருப்பு. உயர்தர வகுப்பில் புவியியல் தகவல் முறைமை கற்கும் மாணவிகளும், பல்கலைக்கழகம் சென்று ஆய்வுக்காக வரைபடம் வரையும் நம் பழைய மாணவிகளும் என்னிடம் அதிகமாகக் கேட்கும் கேள்வி இதுதான். ஒரு மாணவியின் தந்தை நேரடியாகவே கேட்டார்: "மிஸ், இவளுக்குப் புது லெப்டொப் ஒண்டு எடுத்துக் குடுத்தா இது சரிவருமா?"

"அதுக்கு முதல் அந்தக் கோப்பைப் பாப்போம்" என்றேன். பெரும்பாலான வேளைகளில் குறை கணினியில் இருப்பதில்லை. கோப்பு அடுக்கப்பட்டிருக்கும் விதத்தில்தான் இருக்கிறது. அதைச் சரிசெய்யச் செலவு எதுவும் இல்லை. ஒரே ஒரு கட்டளை போதும். ஆனால் அந்தக் கட்டளையில் ஒரு சொல்லைக் கவனியாமல் இட்டால், வரைபடம் வேகமாகத் திறக்கும். கூடவே பொய்யும் சொல்லும். இந்த இரண்டையும் ஓர் உண்மையான கோப்பை வைத்தே விளக்க விரும்புகிறேன்.

நாம் எடுத்துக்கொள்ளும் படம்

ஐரோப்பிய விண்வெளி முகவரகம் வேர்ல்ட்கவர் என்ற உலக நிலப்போர்வை வரைபடத்தை இலவசமாக வெளியிட்டிருக்கிறது. சென்டினல் செய்மதிகள் எடுத்த படங்களிலிருந்து அது ஆக்கப்பட்டது. அதில் ஒரு பிக்சல் நிலத்தில் ஏறத்தாழ 10 மீற்றர் சதுரத்தைக் குறிக்கிறது. ஒவ்வொரு பிக்சலிலும் ஓர் எண் மட்டுமே இருக்கும். 10 என்றால் மரங்கள், 30 புல்வெளி, 40 பயிர்நிலம், 50 கட்டடப் பகுதி, 60 வெற்று நிலம், 80 நீர்நிலை, 90 ஈரநிலம், 95 கண்டல் காடு. இப்படி எண்களைக் கட்டம் கட்டமாக அடுக்கி வைத்திருக்கும் படத்தைத்தான் ராஸ்ட்டர் என்கிறோம்.

இந்த வரைபடம் அகலாங்கிலும் நெட்டாங்கிலும் 3 பாகை கொண்ட சதுரத் துண்டுகளாகக் கிடைக்கிறது. ஒரு துண்டின் ஒரு பக்கத்தில் 36,000 பிக்சல்கள். இலங்கையோ ஒரே துண்டுக்குள் அடங்குவதில்லை. கிழக்கு நெட்டாங்கு 81 பாகைக் கோடும் வட அகலாங்கு 9 பாகைக் கோடும் நம் நாட்டின் ஊடாகவே செல்கின்றன. தெற்கே 6 பாகைக் கோடு மாத்தறையையும் தேவேந்திரமுனையையும் வேறு துண்டுக்குள் தள்ளிவிடுகிறது. ஆகவே முழுத் தீவையும் பார்க்க வேண்டுமானால் துண்டுகளை இணைத்து, வேண்டிய எல்லைக்கு வெட்டி, புதிய கோப்பொன்று ஆக்க வேண்டும்.

நெட்டாங்கு 79.5 முதல் 82.0 வரையும் அகலாங்கு 5.8 முதல் 10.0 வரையும் வெட்டினால், குறுக்கே 30,000 பிக்சல்களும் நெடுக்கே 50,400 பிக்சல்களும் கிடைக்கும். பெருக்கினால் 151 கோடியே 20 இலட்சம் பிக்சல்கள். ஒரு பிக்சலுக்கு ஒரு பைற் என்றாலும் சுருக்காத நிலையில் இது ஏறத்தாழ 1.5 ஜிகாபைற்.

வேர்ல்ட்கவர் வெளியிட்ட மூலத் துண்டு ஒன்றைத் தனியாகத் திறந்தால் அது வேகமாகவே திறக்கும். நாம் இணைத்து வெட்டிய கோப்பு மட்டும் தடுமாறும். இதைப் பார்த்து, இணைக்கும்போது ஏதோ பழுதாகிவிட்டது என்று மாணவிகள் நினைக்கிறார்கள். பழுது எதுவும் இல்லை. மூலத் துண்டில் வெளியீட்டாளர்கள் முன்கூட்டியே சேர்த்து வைத்திருந்த ஒன்று, புதிய கோப்புக்கு வந்து சேரவில்லை. அதுதான் இக்கட்டுரையின் தலைப்பிலுள்ள கூம்பகம்.

திரையில் என்ன நடக்கிறது?

ஒரு சாதாரண மடிக்கணினியில் கருவிப்பட்டைகள் போக வரைபடத்துக்கு எஞ்சுவது சுமார் 630 வரிசைகள் உயரமுள்ள இடம் என்று வைத்துக்கொள்வோம். 50,400 வரிசைகளை 630 வரிசைகளுக்குள் காட்ட வேண்டும். அதாவது 80 வரிசைக்கு ஒன்று. முழுத் தீவும் திரையில் 375 பிக்சல் அகலமும் 630 பிக்சல் உயரமும் கொண்ட சிறு படமாகவே தெரியும். 151 கோடிப் பிக்சல்களில் நம் கண்ணுக்கு வேண்டியது இரண்டரை இலட்சம்கூட இல்லை.

அப்படியானால் 80க்கு ஒன்றாகத் தெரிந்தெடுத்து வாசித்துவிட்டுப் போகலாமே என்று கேட்கலாம். கோப்பு அதற்கு இடம் தருவதில்லை. ஜியோடிஃப் கோப்பில் பிக்சல்கள் பெரும்பாலும் 256க்கு 256 என்ற சதுரக் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு கட்டமும் தனித்தனியே சுருக்கி வைக்கப்பட்டிருக்கும். ஒரு கட்டத்திலிருந்து ஒரேயொரு பிக்சலை எடுப்பதானாலும் முழுக் கட்டத்தையும் வன்தட்டிலிருந்து வாசித்து விரித்தாக வேண்டும். சாக்கின் நடுவிலுள்ள ஒரு நெல்மணிக்காகச் சாக்கு முழுவதையும் கொட்டுவது போன்றது அது. நமது கோப்பில் இத்தகைய கட்டங்கள் குறுக்கே 118, நெடுக்கே 197, மொத்தம் 23,246. 80க்கு ஒன்று எடுக்கும்போது எந்தக் கட்டமும் தப்புவதில்லை. 23,246 கட்டங்களையும் விரித்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பத்துப் பிக்சல் எடுத்து, மிகுதியை எறிந்துவிட்டுத்தான் அந்தச் சிறு படம் வரையப்படுகிறது. படத்தைச் சற்று நகர்த்தினால் இதே வேலை மீண்டும் தொடங்கும்.

புதிய மடிக்கணினி இந்த வேலையைக் கொஞ்சம் விரைவாகச் செய்யும். ஆனால் அது செய்வதும் இதே வீண் வேலையைத்தான்.

கூம்பகம் கட்டுவது

இதற்கான தீர்வு எளிமையானது. எப்படியும் சிறிதாக்கித்தான் பார்க்கப் போகிறோம் என்றால், சிறிய பிரதிகளை ஒருமுறை செய்து கோப்போடு சேர்த்து வைத்துவிடலாம். முதலில் மூலப் படத்தின் நீளத்தையும் அகலத்தையும் பாதியாக்கி ஒரு பிரதி: 15,000க்கு 25,200. அதையும் பாதியாக்கி இன்னொன்று: 7,500க்கு 12,600. பின்னர் 3,750க்கு 6,300, 1,875க்கு 3,150, 938க்கு 1,575, 469க்கு 788, இறுதியாக 235க்கு 394. பெரியதைக் கீழே வைத்து மற்றவற்றை அதன்மேல் அடுக்கிப் பார்த்தால், மேலே போகப் போகக் குறுகும் வடிவம் கிடைக்கும். கணித வகுப்பில் நாம் கூம்பகம் என்று படிப்பது அதுவே. ஆங்கிலத்தில் இதைப் பிரமிட் என்பார்கள். அடுக்குகளிலுள்ள ஒவ்வொரு சிறு பிரதிக்கும் ஓவர்வியூ என்று பெயர்.

இப்போது அதே மடிக்கணினியில் முழுத் தீவையும் கேட்டால் மென்பொருள் என்ன செய்யும்? 80இல் ஒரு பங்கு அளவில் படம் தேவை. 64இல் ஒரு பங்காகச் சுருக்கிய பிரதி கைவசம் இருக்கிறது. அது தேவையைவிடச் சற்றே நுணுக்கமானது. அதையே எடுத்துக்கொள்ளும். அந்தப் பிரதி 469க்கு 788 பிக்சல்கள். 256க்கு 256 கட்டங்களாகப் பார்த்தால் குறுக்கே 2, நெடுக்கே 4, மொத்தம் 8 கட்டங்கள். முன்பு 23,246 கட்டங்களை விரித்த இடத்தில் இப்போது 8. கணினி மாறவில்லை, படம் மாறவில்லை, காத்திருப்பு மட்டும் போய்விடுகிறது.

ஒரு மாவட்டத்தை மட்டும் பார்க்கப் பெரிதாக்கினால் மென்பொருள் அடுத்த கீழ் அடுக்குக்கு இறங்கும். இன்னும் பெரிதாக்கினால் அதற்கும் கீழே. ஒரு வீதியை அடையாளம் காணுமளவு நெருங்கும்போது மூலப் படத்துக்கே வந்துவிடும். எந்த அடுக்கிலிருந்தாலும் திரைக்குத் தேவையான சில கட்டங்களை மட்டுமே வாசிக்க வேண்டியிருப்பதால், எவ்வளவு பெரிதாக்கினாலும் சிறிதாக்கினாலும் வேலையின் அளவு ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது. அதுதான் கூம்பகத்தின் பலம்.

இத்தனை பிரதிகள் சேர்ந்தால் கோப்பு மிகவும் பெருத்துவிடாதா என்பது நியாயமான சந்தேகம். நீளமும் அகலமும் பாதியானால் பரப்பு காற்பங்காகும். ஆகவே முதற் பிரதி மூலத்தின் நாலில் ஒரு பங்கு, அடுத்தது பதினாறில் ஒரு பங்கு, அடுத்தது அறுபத்துநாலில் ஒரு பங்கு. இது பொது விகிதம் கால் ஆகவுள்ள ஒரு பெருக்கல் விருத்தி. எத்தனை அடுக்குகள் சேர்த்தாலும் கூட்டுத்தொகை மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாது. நமது 1.5 ஜிகாபைற் படத்துக்கு, சுருக்காமல் வைத்தாலும், அரை ஜிகாபைற்றே மேலதிகம்.

எதை வைத்துச் சுருக்குவது?

இனி நான் முதலில் சொன்ன அந்தக் கவனம் தேவைப்படும் இடத்துக்கு வருவோம். நான்கு பிக்சல்கள் இருந்த இடத்தில் ஒரு பிக்சலை வைக்கிறோம். அந்த ஒன்றில் எந்த எண்ணை எழுதுவது?

புகைப்படம் என்றால் விடை இலகு. நான்கின் நிறங்களுக்கும் இடை காணலாம். வெளிர் பச்சையும் கரும் பச்சையும் சேர்ந்து நடுத்தரப் பச்சையாகும். தூரத்திலிருந்து பார்க்கும்போது நம் கண்ணும் அப்படித்தான் காணும். ஆனால் நிலப்போர்வை வரைபடத்திலுள்ள எண்கள் அளவுகள் அல்ல. பெயர்களுக்குப் பதிலாக இட்ட குறியீடுகள். 90 என்பது 10ஐவிட ஒன்பது மடங்கு பெரிய எதையும் குறிப்பதில்லை.

ஒரு சதுப்பு நிலத்தின் ஓரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நான்கு பிக்சல்களில் இரண்டு மரங்கள், எண் 10. மற்ற இரண்டும் ஈரநிலம், எண் 90. இவற்றுக்கு இடை கண்டால் 50. வேர்ல்ட்கவர் வரைபடத்தில் 50 என்றால் கட்டடப் பகுதி! மரமும் சதுப்பும் சந்திக்கும் ஓரமெங்கும், அங்கே இல்லாத கட்டடங்கள் சிவப்பாக முளைத்துவிடும். பெரிதாக்கிப் பார்த்தால் மூலப் படம் தோன்றுவதால் அவை மறைந்துவிடும். சிறிதாக்கினால் மீண்டும் முளைக்கும். ஒரு மாணவி தன் ஆய்வறிக்கைக்கு முழு மாவட்டத்தின் படத்தை எடுத்து ஒட்டும்போது பெரும்பாலும் சிறிதாக்கிய நிலையிலேயே எடுக்கிறாள். ஈரநிலங்களைக் கட்டடங்கள் விழுங்கிவிட்டன என்ற முடிவுக்கு அந்தப் படம் அவளைக் கொண்டுபோய்விடக்கூடும்.

கோப்போடு நிறப்பட்டியல் ஒன்று சேர்ந்திருந்தால் ஜீடால் என்ற கருவித்தொகுதி எண்களுக்குப் பதிலாக நிறங்களுக்கு இடை கண்டு, கிடைக்கும் நிறத்துக்கு மிக அண்மையான வகுப்பைத் தெரிவுசெய்யும். அதுவும் காப்பாற்றுவதில்லை. ஒரு குளத்தின் கரையை எடுத்துக்கொள்வோம். இந்த வரைபடத்தில் புல்வெளிக்கு மஞ்சள், நீருக்கு நீலம். இரண்டையும் சம அளவில் கலந்தால் வரும் மங்கிய பச்சைக்குப் பட்டியலில் மிக அண்மையில் இருப்பது வெற்று நிலத்தின் சாம்பல் நிறம். குளத்தைச் சுற்றி வெறும் தரையாலான வளையம் ஒன்று தோன்றிவிடும்.

ஆகவே குறியீட்டு எண்கள் கொண்ட வரைபடத்துக்கு இடை பொருந்தாது. ஆகாரமே பொருந்தும். புள்ளிவிபரவியலில் அதிகத் தடவை வரும் பெறுமானத்தை ஆகாரம் என்று படித்திருக்கிறோம். நான்கு பிக்சல்களில் மூன்று நீர், ஒன்று புல்வெளி என்றால் நீர் என்றே எழுதப்படும். எந்த நிலையிலும் அங்கே இல்லாத வகுப்பொன்று தோன்ற வழியில்லை. கட்டளையில் இதற்கான சொல் `mode`. எதுவும் குறிப்பிடாவிட்டால் ஜீடால் `nearest` என்பதை எடுத்துக்கொள்ளும். அது குழுவிலுள்ள ஒரு பிக்சலை அப்படியே எடுத்துவிடும். பொய் வகுப்பு வராது. ஆனால் படம் சற்றுப் புள்ளிபுள்ளியாகத் தோன்றலாம். செய்மதிப் புகைப்படங்களுக்கும் உயர வரைபடங்களுக்கும் உரிய சொல் `average`.

செய்முறை

கியூஜிஸ் மென்பொருளை விண்டோஸ் கணினியில் நிறுவும்போது OSGeo4W Shell என்ற சாளரமும் சேர்ந்து வரும். அதைத் திறந்து, தரவிறக்கிய துண்டுகள் இருக்கும் கோப்புறைக்குச் சென்று முதலில் இவ்விரு கட்டளைகளையும் இட வேண்டும்:

```
gdalbuildvrt -te 79.5 5.8 82.0 10.0 ilankai.vrt ESA_WorldCover_*_Map.tif
gdal_translate -co TILED=YES -co COMPRESS=DEFLATE ilankai.vrt ilankai.tif
```

முதற் கட்டளை துண்டுகளை நமது எல்லைக்குள் ஒன்றாகத் தொடுக்கிறது. இரண்டாவது அதை ஒரே கோப்பாக, சதுரக் கட்டங்களாகப் பிரித்து, சுருக்கி எழுதுகிறது. இதற்குச் சிறிது நேரம் எடுக்கும். இப்போது கையில் இருப்பது கூம்பகம் இல்லாத கோப்பு. அடுத்த கட்டளை கூம்பகத்தைக் கட்டும்:

```
gdaladdo -r mode ilankai.tif 2 4 8 16 32 64 128
```

`-r` என்பதன் பின்னால் வருவது சுருக்கும் முறை. இறுதியிலுள்ள எண்கள் ஒவ்வொரு அடுக்கும் மூலத்தில் எத்தனையில் ஒரு பங்கு என்பதைக் குறிக்கின்றன. கடைசி அடுக்கு திரையைவிடச் சிறியதாகிவிட்டால் போதும்; அதற்கு மேல் அடுக்குவதில் பயனில்லை.

வேலை சரியாக நடந்ததா என்று ஊகிக்க வேண்டியதில்லை. `gdalinfo ilankai.tif` என்று கேட்டால் கிடைக்கும் விடையில் இந்த வரி இருக்க வேண்டும்:

```
Overviews: 15000x25200, 7500x12600, 3750x6300, 1875x3150, 938x1575, 469x788, 235x394
```

அப்படியொரு வரியே இல்லையென்றால் கூம்பகம் இல்லை. மெதுவாகத் திறக்கும் எந்தக் கோப்பிலும் நான் முதலில் தேடுவது இந்த வரியைத்தான்.

கட்டளைகளில் பழக்கமில்லாதவர்கள் கியூஜிஸ் மென்பொருளிலேயே இதைச் செய்யலாம். படத்தின் Properties சாளரத்தில் Pyramids என்ற பகுதிக்குச் சென்று, வேண்டிய அடுக்குகளையும் சுருக்கும் முறையையும் தெரிவுசெய்து Build Pyramids என்பதை அழுத்தினால் போதும். அங்கே கூம்பகத்தைக் கோப்பின் உள்ளே வைப்பதா வெளியே வைப்பதா என்றும் கேட்கும். உள்ளே வைத்தால் ஒரே கோப்பு. யாருக்காவது அனுப்பும்போது தவறிப்போகாது. ஆனால் மூலக் கோப்பு மாற்றப்படுகிறது. வெளியே வைத்தால் மூலம் தொடப்படாது. அருகில் `ilankai.tif.ovr` என்ற இன்னொரு கோப்பு உண்டாகும். பிறரிடமிருந்து பெற்ற, மாற்றக்கூடாத படமென்றால் வெளியே வைப்பதே முறை. கட்டளையில் `-ro` என்று சேர்த்தால் அப்படி அமையும். வெளியே வைக்கும்போது `--config COMPRESS_OVERVIEW DEFLATE` என்பதையும் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் கூம்பகம் சுருக்கப்படாமல் எழுதப்பட்டு, நன்றாகச் சுருங்கியிருந்த மூலக் கோப்பைவிடவும் பெரிதாகிவிடக்கூடும்.

கூம்பகம் இருந்தும் மெதுவானால்

சில வேளைகளில் `Overviews` வரி இருக்கும். முழுத் தீவும் உடனே தோன்றும். ஆனால் ஓர் ஊரளவுக்குப் பெரிதாக்கி நகர்த்தினால் மட்டும் இழுபறியாகும். இது வேறு நோய். மிகவும் நெருங்கிப் பார்க்கும்போது பயன்படுவது மூலப் படம்; கூம்பகத்துக்கு அங்கே வேலை இல்லை. மூலப் படம் சதுரக் கட்டங்களாக இல்லாமல் முழு அகலக் கீற்றுகளாக எழுதப்பட்டிருப்பதே காரணம்.

குறுக்கே 1,000 பிக்சலும் நெடுக்கே 630 பிக்சலும் கொண்ட சாளரம் ஒன்றை நிரப்ப வேண்டும் என்போம். கீற்றுகளாக இருந்தால் 630 வரிசைகளையும் மன்னாரிலிருந்து மட்டக்களப்பு வரை போல முழு அகலத்துக்கும் வாசிக்க வேண்டும்: 630 தரம் 30,000, அதாவது 189 இலட்சம் பிக்சல்கள். சதுரக் கட்டங்களாக இருந்தால் அதிகம் போனால் 20 கட்டங்கள், 13 இலட்சம் பிக்சல்கள். பதினான்கு மடங்கு வித்தியாசம். அதனால்தான் மேலே `TILED=YES` என்று எழுதினோம். அதை விட்டுவிட்டால் ஜீடால் கீற்றுகளாகவே எழுதும். `gdalinfo` தரும் விடையில் `Block=256x256` என்றிருந்தால் சதுரக் கட்டங்கள். `Block=30000x1` என்றிருந்தால் கீற்றுகள்.

ஆகவே நோயை இப்படிப் பிரித்தறியலாம். சிறிதாக்கிப் பார்க்கும்போது மெதுவானால் கூம்பகம் இல்லை. பெரிதாக்கிப் பார்க்கும்போது மெதுவானால் கட்டங்கள் இல்லை. இரண்டிலும் மெதுவானால் இரண்டும் இல்லை. இந்த இரண்டும் சரியாக இருந்தும் தடுமாறினால் அப்போது கணினியைப் பற்றி யோசிக்கலாம்.

கூம்பகத்திடம் கேட்கக்கூடாதவை

ஆகாரத்தைத் தெரிவுசெய்து கட்டினாலும், கூம்பகத்தின் மேல் அடுக்குகள் முழு உண்மையைச் சொல்வதில்லை. புத்தளம் களப்பின் ஓரத்தில் 30 மீற்றர் அகலமான கண்டல் வரிசையொன்று இருப்பதாகக் கொள்வோம். மூலப் படத்தில் அது 3 பிக்சல் அகலம். 16இல் ஒரு பங்கு அடுக்கில் ஒரு பிக்சல் 16க்கு 16 பரப்பைக் குறிக்கிறது. அதில் கண்டல் 16 நிரல்களில் 3 மாத்திரமே, பெரும்பான்மை நீருக்கு. அந்த அடுக்கில் கண்டல் வரிசை முற்றாக மறைந்துவிடும். காடு அழிக்கப்படவில்லை, வாக்கெடுப்பில் தோற்றுவிட்டது, அவ்வளவுதான். ஒடுங்கிய வீதி, சிற்றாறு, வயல் நடுவிலுள்ள தனி வீடு என்று மெல்லியவை எல்லாவற்றுக்கும் இதே கதி.

உயர வரைபடத்திலும் இது நடக்கும். இடை கண்டு சுருக்கும்போது ஒரு சிகரம் தன்னைச் சுற்றியுள்ள சரிவுகளோடு சேர்த்துச் சமன்படுத்தப்படுகிறது. 2,524 மீற்றர் உயரமான பீதுருதாலகால மலை மேல் அடுக்குகளில் அதைவிடத் தாழ்ந்தே காணப்படும்.

இதனால் ஒரு விதியை நான் மாணவிகளிடம் வலியுறுத்துவேன்: கூம்பகம் பார்ப்பதற்கு, எண்ணுவதற்கு மூலப் படம். எத்தனை பிக்சல் கண்டல், எத்தனை பிக்சல் வயல் என்று அறிய வேண்டுமானால் கியூஜிஸ் மென்பொருளின் Raster layer unique values report என்ற கருவியைப் பயன்படுத்தலாம். அது மூலப் பிக்சல்களை எண்ணுகிறது. அதேபோல் படத்தைச் சேமிக்கும்போது Raw data என்பதைத் தெரிவுசெய்தால் மூல எண்கள் கிடைக்கும். Rendered image என்பதைத் தெரிவுசெய்தால் கிடைப்பது நிறங்கள் மட்டுமே. அதை வைத்துப் பரப்பளவு கணிக்க முடியாது.

இறுதியாக, கூம்பகம் தானாகப் புதுப்பிக்கப்படுவதில்லை. மூலக் கோப்பிலுள்ள சில பிக்சல்களைத் திருத்தினால் மேல் அடுக்குகளில் பழைய படமே இருக்கும். `.ovr` கோப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அதே பெயரில் புதிய படத்தைக் கொண்டுவந்து வைத்தாலும் இதுவே நடக்கும். இதைக் கண்டுபிடிக்க ஓர் இலகுவான வழி உண்டு. திருத்திய இடத்தைத் திரையின் நடுவில் வைத்து மெல்ல மெல்லச் சிறிதாக்கிப் பாருங்கள். ஒரு நிலையில் திருத்தம் திடீரென மறைந்து பழைய நிறம் தோன்றினால் கூம்பகம் காலாவதியாகிவிட்டது. பழையதை அகற்றி மீண்டும் கட்ட வேண்டும்:

```
gdaladdo -clean ilankai.tif
gdaladdo -r mode ilankai.tif 2 4 8 16 32 64 128
```

அந்தத் தந்தையின் கேள்விக்குரிய விடையும் இதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது. அவருடைய மகளின் கோப்பில் `Overviews` என்ற வரி இல்லை, கட்டங்களும் இல்லை. நான்கு கட்டளைகளை எழுதிக் கொடுத்தேன். அவள் இன்னமும் அதே பழைய மடிக்கணினியில்தான் வேலை செய்கிறாள்.